அன்னம் இல்லாத குத்துவிளக்கு

தெரிந்தவர் ஒருவரின் பித்தளைப் பாத்திரக் கடைக்கு இணையதளம் அமைத்தபோது, முதல் வரிசையே கோணலாக வந்தது. குத்துவிளக்கைப் போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்திருந்தார்கள், படம் 1080×1920. செம்பின் படம் சதுரம். தாம்பாளத்தை மட்டும் போனைப் படுக்க வைத்து எடுத்திருந்தார்கள், 4000×3000. கார்டின் அகலம் 240 பிக்சல். அந்த அகலத்துக்குச் சுருக்கியதும் விளக்கின் உயரம் 427 ஆனது, செம்பு 240, தாம்பாளம் 180.

கிரிட் தன் வேலையைச் சரியாகவே செய்தது. வரிசையில் உயரமான கார்டுக்குச் சமமாக மற்ற இரண்டையும் இழுத்து நிறுத்திவிட்டது. ஆனால் பெயரும் விலையும் படத்துக்கு அடியில்தானே வரும்? தாம்பாளத்தின் விலை மேலே, விளக்கின் விலை எங்கோ கீழே, நடுவில் வெற்றிடம்.

படத்தின் உயரத்தை 300 பிக்சல் என்று எழுதிவிடலாம். ஆனால் போனில் கார்டு 160 பிக்சலாகக் குறுகும்போதும் உயரம் அதே 300தான் இருக்கும், சட்டம் ஒல்லியாகிவிடும். முன்பெல்லாம் இதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது. சதவீதத்தில் தரும் `padding` அகலத்தை வைத்தே கணக்கிடப்படும் என்பதால், 125% கொடுத்து 4:5 பெட்டி செய்து, அதற்குள் படத்தை மிதக்கவிடுவோம். 2021க்குள் முக்கிய பிரவுசர்கள் எல்லாம் `aspect-ratio`வை ஏற்றுக்கொண்டதால் அந்த வித்தை தேவையற்றுப் போனது.

```css
.card img {
  width: 100%;
  height: auto;
  aspect-ratio: 4 / 5;
  object-fit: cover;
}
```

அகலம் 240 என்றால் உயரம் 300, 160 என்றால் 200. படம் வந்து சேருமுன்பே இடம் ஒதுக்கப்பட்டுவிடுவதால், தொடப்போன பொத்தான் நழுவி ஓடுவதும் நிற்கிறது.

`height: auto` வீண் வரி போலத் தெரியும். எடுத்துவிட்டுப் பாருங்கள். `img` குறியிலேயே `height="400"` என்று இருந்தால் அகலம், உயரம் இரண்டும் முடிவாகிவிடும். விகிதத்துக்கு அங்கே வேலையில்லை. 4/5ஐ 1/1 ஆக மாற்றியும் திரையில் அசைவே இல்லையென்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கடைசி வரியை விட்டால் படம் பெட்டிக்கேற்ப நசுங்கும், செம்பு சுரைக்காய் மாதிரி நீளும். `cover` நசுக்காது, வெட்டும். வரிசை நேரானதும் நான் நிம்மதியாக உட்கார்ந்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "தம்பி, விளக்கோட அன்னம் எங்கே?" என்றார். 427இல் 300 போக மிச்சம் 127. மேலும் கீழும் சுமார் 63 பிக்சல் போய்விட்டது. உச்சி அன்னமும் அடிப்பீடமும் அதற்குள்தான் இருந்தன. தாம்பாளத்துக்கும் பக்கத்துக்கு 80 பிக்சல் வெட்டு. வட்டத்தின் விளிம்பே காணோம்.

புடவைக் கடையாக இருந்தால் `cover` போதும், கொஞ்சம் துணி வெட்டுப்பட்டாலும் பாதகமில்லை. பாத்திரத்துக்கு உருவம்தான் சரக்கு. அதனால் `contain` என்று மாற்றினேன். விளக்கு முழுசாக வந்தது, இருபுறமும் சுமார் 36 பிக்சல் வெறும் பட்டையோடு. படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் துணியின் மேல் எடுத்தவை, பின்னணிக்கும் வெள்ளை கொடுத்ததும் பட்டை மறைந்தது. நீலச் சுவர் முன்னால் எடுத்த இரண்டு படங்களை மட்டும் மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னேன்.