திங்கட்கிழமை மட்டும் கிளம்பாத கார்

திருச்சியில் உள்ள ஒரு கார் சர்வீஸ் சென்டருக்கு மெக்கானிக் வேலை கேட்டு வந்த கடிதம் அது. கோடு போட்ட தாளில், கையெழுத்தில், ஒன்றரைப் பக்கம். எழுதியவர் ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் இரண்டு ஆண்டு படித்தவர். அதன்பின் பதினோரு ஆண்டுகள் சிறிய ஒர்க்‌ஷாப்களில் வேலை பார்த்தவர். இதையெல்லாம் மூன்றே வரியில் முடித்துவிட்டு, நான்காவது வரியில் ஒரு காரின் கதையைத் தொடங்கிவிடுகிறார்.

இப்படி வரும் கடிதங்களில் பெரும்பாலும் "எல்லா வண்டியும் பார்ப்பேன், கடினமாக உழைப்பேன்" என்றுதான் இருக்கும். அதை வைத்து ஒரு ஒர்க்ஸ் மேனேஜர் எதையும் முடிவு செய்ய முடியாது. ஆயில் மாற்றவும் பிரேக் பேட் போடவும் ஆறு மாதத்தில் பழகிவிடலாம். பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேறு கை. அந்தக் கை தனக்கு இருக்கிறதென்று காட்டத்தான் இவர் ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொண்டார்.

எட்டு வயதான சின்ன கார். எட்டு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. அப்படியும் செல்ஃப் எடுக்கவில்லை. மூன்றாவது பேட்டரி போட்டுத் தரச் சொல்லித்தான் உரிமையாளர் வந்திருக்கிறார். மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன் ஒன்று கேட்டார்: "எந்தெந்த நாள் சார் இப்படி ஆகுது?" உரிமையாளர் யோசித்துப் பார்த்துச் சொன்னார்: திங்கட்கிழமை காலையில் மட்டும். மற்ற நாட்களில் வண்டி ஒழுங்காகக் கிளம்பிவிடும்.

அந்தப் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது என்கிறார் கடிதத்தில். வெள்ளி மாலை நிறுத்தும் வண்டி திங்கள் காலை வரை ஏறக்குறைய அறுபது மணி நேரம் சும்மா நிற்கிறது. ஓடும்போது சார்ஜ் ஏறவில்லை என்றால் எந்த நாளிலும் மக்கர் செய்யும். நின்றால் மட்டும் இறங்குகிறது என்றால், நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டைக் குடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனாலும் அவர் ஊகத்தை நம்பி நிற்கவில்லை. பேட்டரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, சற்று நேரம் விட்டு அளந்தார்: 12.6 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது அது 10-க்குக் கீழே போகவில்லை, ஆக பேட்டரி நல்லது. இன்ஜின் ஓடும்போது 14.2 வோல்ட், ஆக டைனமோவும் நல்லது.

அடுத்தது கசிவைப் பிடிப்பது. பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வைத்துச் சேர்த்தார். அவசரக்காரர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். இன்றைய காரில் சாவியை எடுத்தபிறகும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் உடனே உறங்குவதில்லை. சில வண்டிகளில் அரை மணி நேரம்கூட ஆகும். அதற்குமுன் மீட்டர் காட்டும் அளவை நம்பினால், இல்லாத பழுதைத் தேட வேண்டிவரும். திறந்திருக்கும் கதவின் பூட்டை ஸ்க்ரூ டிரைவரால் மடக்கி, கதவு மூடியிருப்பதாக வண்டியை நம்பவைத்துவிட்டு, அவர் நாற்பது நிமிடம் காத்திருந்தார்.

மீட்டர் 0.45 ஆம்பியரில் நின்றது. நல்ல நிலையில் உள்ள காரில் இது பொதுவாக 0.05-ஐத் தாண்டக் கூடாது. கணக்கை அவர் கடிதத்திலேயே போட்டுக் காட்டியிருக்கிறார். 0.45 ஆம்பியர், அறுபது மணி நேரம்: 27 ஆம்பியர்-மணி. அந்தக் காரின் பேட்டரி மொத்தமே 35. மிச்சமிருக்கும் 8-ல் செல்ஃப் சுற்றாது. ஒரு இரவு மட்டும் நின்றால் ஐந்தோ ஆறோதான் போகும், காலையில் வண்டி கிளம்பிவிடும். திங்கட்கிழமைப் புதிர் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். உள் விளக்குகளுக்கான ஃபியூஸை எடுத்ததும் மீட்டர் 0.03-க்கு இறங்கியது. அந்த ஃபியூஸில் மூன்று விளக்குகள். முன்னால் இருக்கும் இரண்டும் அணைந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. மூன்றாவது டிக்கிக்குள் இருக்கிறது. டிக்கியை மூடினால் அது எரிகிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? தன் செல்போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு, உள்ளே வைத்து மூடினார். எடுத்துப் பார்த்தால் மூடிய டிக்கிக்குள் விளக்கு நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. 5 வாட் பல்பு. 12 வோல்ட்டில் அது இழுப்பது 0.42 ஆம்பியர். ஏற்கெனவே இருந்த 0.03-ஐச் சேர்த்தால் சரியாக 0.45.

பின்னால் எப்போதோ லேசாக இடித்ததில் டிக்கி லாக் நகர்ந்து, உள்ளிருக்கும் சுவிட்ச் அழுந்தாமல் போயிருந்தது. இரண்டு போல்ட்டைத் தளர்த்தி லாக்கை நேராக்கினார். ஸ்பேர் எதுவும் மாற்றவில்லை.

இனி, இதே வண்டியில் நேர்மை எங்கே வருகிறது என்பது. வாடிக்கையாளர் தன் வாயாலேயே பேட்டரி கேட்டு வந்தவர். போட்டுக் கொடுத்திருந்தால் நன்றி சொல்லிப் போயிருப்பார், லாபமும் கிடைத்திருக்கும். ஒர்க்‌ஷாப்களில் பல நேரம் பழுதைக் கண்டுபிடிக்கும் நேரத்துக்குக் கூலி எழுதுவதில்லை, ஸ்பேரில்தான் வருமானம். ஆகவே தேடாமல் மாற்றுவதற்கான இழுப்பு அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. இதை வெளிப்படையாகப் பேசாமல் மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்வது சரியல்ல.

இவர் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார்: "சார், கண்டுபிடிக்க ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குக் கூலி உண்டு. பேட்டரி வேணுமா வேண்டாமான்னு பார்த்துட்டுச் சொல்றேன்." ஜாப் கார்டிலும் அப்படியே எழுதி, கையெழுத்து வாங்கினார். முடிந்ததும் வீடியோவைக் காட்டினார். இன்னொன்றும் சொன்னார்: "இது பலமுறை அடிவரைக்கும் இறங்கின பேட்டரி, ஆயுள் கொஞ்சம் குறைஞ்சிருக்கும். ஆனா இப்ப மாத்த வேண்டாம்." வேண்டாததை விற்காமல் இருந்ததோடு நிற்காமல், கேட்பவருக்குப் பிடிக்காததையும் மறைக்காமல் சொன்னார். என் பார்வையில் கடிதத்தின் கனமான வரி இதுதான்.

தான் தப்பு செய்த வண்டியையும் எழுதியிருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காரில், இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 12.9 வோல்ட்தான் வந்தது. டைனமோ போய்விட்டது என்று புதிதாக மாட்டினார். அப்போதும் 12.9. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கேபிளின் முனை துருப்பிடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது. டைனமோ 14.1 கொடுத்துக்கொண்டிருந்தது, 1.2 வோல்ட் அந்தத் துருவிலேயே தொலைந்துகொண்டிருந்தது. உரிமையாளருக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லி, பழைய டைனமோவையே திரும்ப மாட்டி, கேபிளுக்கு மட்டும் காசு வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டதாகவும் எழுதுகிறார்: டைனமோவைக் கழற்றும் முன், இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி எர்த்திலும் மறுமுனையை டைனமோ பாடியிலும் வைத்துப் பார்ப்பார். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளைப் பார்த்த பிறகுதான் மற்றது.

தெரியாததற்கும் ஒரு பத்தி உண்டு. மின்சாரக் கார்களின் உயர் மின்னழுத்தப் பகுதியில் பயிற்சி இல்லை, பயிற்சி தராமல் அதில் கைவைக்கச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். நேர்முகத் தேர்வுக்குப் பதிலாகப் பழுதுள்ள ஒரு வண்டியைக் கொடுத்து அரை நாள் விட்டுப் பார்க்கலாம், மீட்டர் தன்னுடையதையே கொண்டுவருவதாகவும் சொல்கிறார்.

கடிதத்தோடு மூன்று நகல்கள் இணைத்திருந்தார்: ஐ.டி.ஐ. சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், அந்தத் திங்கட்கிழமைக் காரின் ஜாப் கார்டு. கார்டில் உரிமையாளரின் பெயர், போன் நம்பர், வண்டி எண் மூன்றையும் கறுப்பு மையால் அழுத்தி மறைத்திருந்தார்.