மாவுக் கடையின் நாலாயிரமாவது பாக்கெட்

மதுரையில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு, சுற்றுவட்டாரப் பெட்டிக்கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் கொடுக்கிற ஒரு சிறு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பாக்கெட்டைக் கடைகளுக்கு 40 ரூபாய்க்குப் போடுகிறார் அதன் உரிமையாளர். மாதம் 5,200 பாக்கெட் போகிறது. பக்கத்துத் தெருவில் மெஸ் நடத்துகிறவர் வந்து, “அண்ணே, மாசம் ஐந்நூறு பாக்கெட் எடுத்துக்கிறேன். முப்பத்தஞ்சு போட்டுக் குடுங்க” என்கிறார்.

கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டுகிறார். மாதச் செலவு மொத்தத்தையும் 5,200-ஆல் வகுத்தால், ஒரு பாக்கெட்டுக்கு 37 ரூபாய் 23 காசு அடக்கவிலை. முப்பத்தைந்துக்குக் கொடுத்தால் பாக்கெட்டுக்கு 2 ரூபாய்க்கு மேல் கையைக் கடிக்கும். “கட்டுப்படியாகாதுப்பா” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்.

கணக்கில் பிழை இல்லை, முடிவுதான் பிழை. பி.காம்., சி.ஏ., சி.எம்.ஏ. மாணவர்கள் ‘மார்ஜினல் காஸ்டிங்’ என்ற தலைப்பில் பக்கம் பக்கமாகப் படிக்கும் பாடம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அதில் தேர்வுக்காக மட்டும் இருப்பதைத் தள்ளிவிட்டால், நாலைந்து சூத்திரங்கள் மிஞ்சும். இந்த ஒரே கடையை வைத்தே அவற்றைப் பார்த்துவிடலாம்.

முதலில் செலவுகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாக்கெட் எண்ணிக்கை கூடினால் கூடி, குறைந்தால் குறைவது மாறும் செலவு. அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு எல்லாம் சேர்ந்து பாக்கெட்டுக்கு 22.50 ரூபாய், கவர் 1.50; கடைகளில் கொண்டுபோய்ப் போடுகிறவருக்குப் பாக்கெட்டுக்கு 3 ரூபாய். ஒரு பாக்கெட்கூடப் போகாவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டியது நிலைச் செலவு. கடை வாடகை 12,000. மாதச் சம்பளத்துக்கு இருக்கும் இருவருக்கு 28,000. கிரைண்டர், குளிர்பெட்டி தேய்மானம் 4,000. தண்ணீர், போன், உரிமக் கட்டணம் போன்ற சில்லறைகள் 2,600.

செலவின் பெயரை வைத்து இந்தப் பிரிவினையைச் செய்யக் கூடாது. ‘கூலி’ என்று கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கும். மாவு அரைப்பவருக்கு மாதச் சம்பளம் என்றால் அது நிலைச் செலவு. டெலிவரி செய்கிறவருக்குப் பாக்கெட்டுக்கு இவ்வளவு என்றால் அது மாறும் செலவு. நாளை அவரையும் மாதச் சம்பளத்துக்கு வைத்தால், அதே ஆள், அதே வேலை, ஆனால் செலவு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்விடும்.

மிச்சமிருப்பது கரண்ட் பில். அது இரண்டு பக்கமும் நிற்கும். அனுமதி வாங்கிய கிலோவாட்டுக்கான கட்டணமும் குளிர்பெட்டி ஓடுகிற செலவும் எப்படியும் வரும். கிரைண்டர் ஓடுகிற செலவு அரைக்கிற அளவைப் பொறுத்தது. இதைப் பிரிக்கப் பாடத்தில் ஓர் எளிய வழி உண்டு. உற்பத்தி மிக அதிகமாக இருந்த காலத்தையும் மிகக் குறைவாக இருந்த காலத்தையும் எடுத்துக்கொண்டு, பில் வித்தியாசத்தைப் பாக்கெட் வித்தியாசத்தால் வகுப்பது.

நம் கடைக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வருகிறது. ஆகவே பாக்கெட்டையும் இரண்டு மாதத்துக்குக் கூட்டிக்கொள்ள வேண்டும். கையில் இருக்கும் பில்களில் மிகக் குறைவான உற்பத்தி 7,200 பாக்கெட், பில் 10,000 ரூபாய். மிக அதிகமான உற்பத்தி 12,000 பாக்கெட், பில் 14,800. வித்தியாசம் 4,800 பாக்கெட்டுக்கு 4,800 ரூபாய். அதாவது பாக்கெட்டுக்கு 1 ரூபாய் மாறும் பகுதி. 7,200 பாக்கெட்டுக்கு 7,200 ரூபாய் போக, மீதி 2,800 ரூபாய் இரண்டு மாதத்துக்கான நிலைப் பகுதி. மாதத்துக்கு 1,400.

இங்கே பலர் ஒரு தப்பு செய்வார்கள். நடுவில் ஒரு கோடைகால பில் 15,100 என்று இருக்கிறது. அப்போது அரைத்தது 11,000 பாக்கெட்தான். குளிர்பெட்டி ஓயாமல் ஓடியதில் பில் எகிறியிருக்கிறது. ‘அதிகபட்ச பில்’ என்று இதை எடுத்துக்கொண்டால் பாக்கெட்டுக்கு 1.34 ரூபாய் என்றும், நிலைப் பகுதி இரண்டு மாதத்துக்கே 340 ரூபாய்க்குள் என்றும் விடை வரும். பில்லிலேயே அச்சாகியிருக்கும் கிலோவாட் கட்டணம் அதைத் தாண்டியிருந்தால் தேர்வு தவறு என்று அப்போதே புரிந்துவிடும். எடுக்க வேண்டியது அதிக உற்பத்தி நடந்த காலம், அதிக பில் வந்த காலம் அல்ல.

இப்போது கூட்டினால், மாறும் செலவு பாக்கெட்டுக்கு 28 ரூபாய். நிலைச் செலவு மாதம் 48,000 ரூபாய். இனி சூத்திரங்களுக்கு வரலாம்.

பங்களிப்பு = விற்பனை விலை − மாறும் செலவு = 40 − 28 = 12 ரூபாய்

விற்கிற ஒவ்வொரு பாக்கெட்டும் இந்த 12 ரூபாயைக் கல்லாவில் போடுகிறது. அந்தப் பணம் முதலில் நிலைச் செலவை அடைக்கப் போகிறது. அது அடைபட்ட பிறகு வருகிற ஒவ்வொரு 12 ரூபாயும் லாபம்.

பிரேக் ஈவன் = நிலைச் செலவு ÷ பங்களிப்பு = 48,000 ÷ 12 = 4,000 பாக்கெட்

மாதத்தின் நாலாயிரமாவது பாக்கெட் போகும்வரை கடைக்காரர் வாடகைக்கும் சம்பளத்துக்கும்தான் உழைக்கிறார். 4,001-ல்தான் முதல் 12 ரூபாய் லாபம். இதையே ரூபாயில் வேண்டுமென்றால், பங்களிப்பு விற்பனையில் எத்தனை சதவீதம் என்று பார்த்து (12 ÷ 40 = 30%) நிலைச் செலவை அதால் வகுக்க வேண்டும்: 48,000 ÷ 0.30 = 1,60,000 ரூபாய். பல சாமான் விற்கும் மளிகைக் கடைக்கு எண்ணிக்கை சரிப்படாது, இந்த ரூபாய்க் கணக்குதான் உதவும்.

லாபம் = (விற்ற எண்ணிக்கை × பங்களிப்பு) − நிலைச் செலவு = (5,200 × 12) − 48,000 = 14,400 ரூபாய்

பிரேக் ஈவனுக்கு மேலே இருக்கும் 1,200 பாக்கெட்டைப் பாதுகாப்பு எல்லை என்பார்கள். விற்பனையில் அது 23 சதவீதம். விற்பனை அந்த அளவுக்குச் சரிந்தாலும் நட்டம் வராது.

மெஸ்காரர் விஷயத்துக்கு வருவோம். 37.23 என்ற அடக்கவிலையில் 9.23 ரூபாய் நிலைச் செலவின் பங்கு. அந்த வாடகையும் சம்பளமும் மெஸ்காரர் வந்தாலும் வராவிட்டாலும் கொடுக்கப்படுபவை. ஏற்கெனவே விற்கிற 5,200 பாக்கெட் அவற்றைச் சுமந்து முடித்துவிட்டது. புதிதாக வரும் 500 பாக்கெட்டுக்குப் புதிதாக ஆகும் செலவு பாக்கெட்டுக்கு 28 மட்டுமே. 35-க்குக் கொடுத்தால் 7 ரூபாய் மிஞ்சும். மாதம் 3,500 ரூபாயைத்தான் ‘கட்டுப்படியாகாது’ என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். நிலைச் செலவைப் பாக்கெட் தலையில் கட்டிப் பார்த்ததால் வந்த வினை இது. மொத்தமாகப் பார்த்தால் மாறாத செலவு, பாக்கெட் ஒன்றுக்கு என்று வகுத்தால் மாறிக்கொண்டே இருக்கும். மாறும் செலவோ பாக்கெட்டுக்கு என்று பார்த்தால் அசையாமல் நிற்கும். இது பிடிபடாமல்தான் மாணவர்கள் இந்தப் பாடத்தில் திணறுகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆனால் கடைக்காரரின் தயக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. மெஸ்ஸுக்கு 35 என்ற செய்தி மற்ற கடைகளுக்கும் போய், எல்லோரும் 35 கேட்டால்? பங்களிப்பு 7 ஆகிவிடும். 48,000 ÷ 7 என்றால் 6,857 பாக்கெட் விற்றால்தான் கை கடிக்காது. இந்தக் கடையிலோ இருக்கிற கிரைண்டரையும் ஆட்களையும் வைத்துக்கொண்டு நாளைக்கு 200, மாதத்துக்கு 6,000 பாக்கெட்டுக்கு மேல் அரைக்க முடியாது. அந்த விலையில் இந்தக் கடை எந்த மாதமும் லாபம் பார்க்காது.

இந்த 6,000 என்ற வரம்புதான் சூத்திரங்கள் சொல்லாமல் விடுவது. நிலைச் செலவு என்றென்றைக்கும் நிலையானது அல்ல. ஒரு வரம்புக்குள் மட்டும் நிலையானது. அதைத் தாண்டினால் படி ஏறுவதுபோல் ஒரே தாவலில் உயரும். 6,000-ஐத் தாண்ட இன்னொரு கிரைண்டரும் ஓர் ஆளும் வேண்டும், மாதம் 15,000 ரூபாய் கூடுதல் என்று கொள்வோம். 6,000 பாக்கெட்டில் லாபம் 24,000 ரூபாய். ஒரு நூறு பாக்கெட் கூட்டி 6,100 விற்றால் லாபம் 10,200-க்கு இறங்கிவிடும். பழைய 24,000-ஐ மறுபடி பார்க்க 7,250 பாக்கெட் போக வேண்டும்.

தேவையான விற்பனை = (நிலைச் செலவு + வேண்டிய லாபம்) ÷ பங்களிப்பு

இந்தச் சூத்திரத்தை விலைக் குறைப்புக்குப் போட்டுப் பாருங்கள். போட்டிக்கு ஒருவர் வந்துவிட்டார், எல்லாக் கடைகளுக்கும் 2 ரூபாய் குறைத்து 38-க்குப் போடலாம் என்கிறார் கடைக்காரர். விலையில் 5 சதவீதம்தான். ஆனால் பங்களிப்பு 12-லிருந்து 10 ஆகிறது. இப்போதைய 14,400 லாபத்தைக் காப்பாற்ற, 62,400 ÷ 10 = 6,240 பாக்கெட் விற்க வேண்டும்; 20 சதவீதம் அதிகம். சூத்திரம் இதோடு நின்றுவிடும். 6,240 என்பது 6,000-க்கு மேலே. கிரைண்டரும் ஆளும் சேர்ந்தால் நிலைச் செலவு 63,000. திரும்பப் போட்டால், 77,400 ÷ 10 = 7,740 பாக்கெட். அரை மடங்கு வியாபாரம் கூடுதலாகப் பிடித்தால்தான் பழைய லாபமே கிடைக்கும். உளுந்து விலை ஏறினாலும் இதே கதைதான். பாக்கெட்டுக்கு 80 கிராம் உளுந்து என்றால், கிலோவுக்கு 25 ரூபாய் ஏற்றம் அதே 2 ரூபாயைத் தின்றுவிடும்.

கடைசியாக ஒன்று. சொந்தக் கடை நடத்துகிற யாரிடம் நிலைச் செலவைக் கேட்டாலும் பட்டியலில் ஒரு வரி இருக்காது: அவருடைய சம்பளம். நம் கடைக்காரரும் விடியற்காலையில் எழுந்து அரிசி ஊறவைப்பதில் தொடங்கி இரவு வசூல் வரை எல்லாவற்றையும் பார்க்கிறார். இதே வேலையை வேறிடத்தில் செய்தால் மாதம் 18,000 கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு அதையும் நிலைச் செலவில் சேர்த்தால், 66,000 ÷ 12 = 5,500 பாக்கெட். அவர் விற்பது 5,200. லாபம் என்று அவர் நினைத்திருக்கும் 14,400 ரூபாய், தன் சம்பளத்தில் 3,600 குறைத்து அவர் தனக்கே கொடுத்துக்கொள்வது. மெஸ்காரரின் 500 பாக்கெட்டை எடுத்துக்கொண்டிருந்தால் அந்தப் பள்ளம் 100 ரூபாயாகச் சுருங்கியிருக்கும்.