மாட்டுக்கு எத்தனை லிட்டர்? ஒரு சங்கச் செயலாளரின் கடிதம்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதப்படும் சராசரிக் கறவை அளவைக் குறித்து உறுப்பினர்கள் சிலருக்கு வருத்தமும் வேறு சிலருக்குச் சந்தேகமும் இருப்பதாக அறிகிறேன். தம் வீட்டு மாடு பத்து லிட்டர் கறக்கையில் பலகை ஏழு என்பதேன் என்று ஒருவர் கேட்கிறார். மாவட்ட ஒன்றியத்துக்குப் போகும் அறிக்கையில் அதே மாதத்திற்கு நான்கரை என்று கண்டதாகவும், ஒரே சங்கத்துக்கு இரண்டு கணக்கு எப்படி வரும் என்றும் இன்னொருவர் கேட்கிறார். இரண்டும் நியாயமான கேள்விகள். இதற்கான விடை தெரியாதிருந்தால், மாடு வாங்கும்போதும், அதற்காகக் கடன் பெறும்போதும், பால் பணத்தைச் சரிபார்க்கும்போதும் நஷ்டம் நம்மையே சேருமாதலால், சற்று விரிவாக எழுதத் துணிந்தேன்.

ஊரில் உறுப்பினர்களுடைய மாடுகள் நூறு என்றும், அவற்றில் அறுபத்தைந்து கறவையில் உள்ளன, ஏனையவை வற்றியோ சினையாகவோ நிற்கின்றன என்றும், ஒரு நாளில் சங்கத்துக்கு வரும் பால் 455 லிட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். 455ஐ 65ஆல் வகுத்தால் ஏழு லிட்டர். நூறால் வகுத்தால் நான்கரை லிட்டருக்குச் சற்று அதிகம். இரண்டில் எதுவும் பொய்யன்று. முன்னது கறக்கும் மாடு ஒன்றின் சராசரி. பின்னதோ தீனி தின்னும் மாடு ஒன்றின் சராசரி. அரசாங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரங்களில், கலப்பின மாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ எட்டு கிலோ என்று காணப்படுவது முதல் வகையைச் சேர்ந்தது. வற்றிய மாடுகள் அக்கணக்கில் இல்லை. வைக்கோலும் தவிடும் வற்றிய மாட்டுக்கும் வேண்டியிருத்தலால், குடும்ப வரவுசெலவைப் பார்ப்பவருக்குப் பயன்படுவது இரண்டாவதே என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சங்கத்தின் பதிவேடு அறிவது ஊற்றிய பாலை மட்டுமே. கன்று குடித்தது, வீட்டுக்கு வைத்தது, எண்ணூர், திருவொற்றியூர் டீக்கடைகளுக்கு மாலைக் கறவையில் போனது இவையெல்லாம் அதில் ஏறுவதில்லை. கடைக்காரர் தரும் விலை சில மாதங்களில் கூடுதலாக இருப்பதை நான் அறிவேன். அதைக் குற்றமாக எழுதவுமில்லை. ஆயினும் மாடு கறந்தது எவ்வளவு என்பதை வீட்டிலேயே ஒரு நோட்டில், இரு வேளையும் அளந்து எழுதி வைக்காவிட்டால், தம் மாட்டைப் பற்றி எவருக்கும் மெய்யாகத் தெரிய வழியில்லை.

இனி, ஒரே மாட்டின் கறவை நாளுக்கு நாள் மாறுவது எதனால் என்பதைப் பார்ப்போம். கன்று ஈன்ற பின் பால் ஏறிக்கொண்டே சென்று, ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சத்தை அடைந்து, பிறகு மாதந்தோறும் பத்தில் ஒரு பங்கு என்னும் கணக்கை ஒட்டிக் குறையும். இது இயற்கை விதி. உச்சத்தில் பத்து லிட்டர் கறக்கும் ஜெர்ஸி கலப்பு மாடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் மாதம் ஒன்பது, இரண்டாம் மாதம் பத்து என்று தொடங்கி, ஐந்தாம் மாதம் எட்டுக்கும் கீழே வந்து, பத்தாம் மாதம் நான்கு லிட்டருக்குச் சற்று மேலாக நின்றால், அந்த ஈத்தில் அது தரும் மொத்தப் பால் ஏறத்தாழ 2,190 லிட்டர். கறந்த முந்நூறு நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 7.3 லிட்டர். ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடைவெளி நானூறு நாள் என்று கொண்டால், அதே பால் நாளொன்றுக்கு ஐந்தரை லிட்டராகும். பத்து லிட்டர் மாடு என்று சொல்லி விற்கப்பட்டது, வீட்டுக்கு உண்மையில் ஐந்தரை லிட்டர் மாடே. தரகர் பொய் சொன்னார் என்று கொள்ளவும் முடியாது. அவர் சொன்னது ஓர் உச்சநாளின் அளவு, நாம் நினைத்துக்கொண்டது ஆண்டு முழுவதற்கும்.

அந்தக் கன்று இடைவெளி ஐந்நூறு நாளாக நீண்டால் என்னாகும்? கூடுதலான நூறு நாட்களிலும் மாடு இரண்டரை லிட்டர் விகிதம் கறந்ததாகவே தாராளமாக வைத்தாலும், மொத்தம் 2,440 லிட்டர். நாளொன்றுக்கு ஐந்து லிட்டருக்கும் குறைவு. தீனியில் எதுவும் குறைக்காமலே, ஒவ்வொரு நாளும் அரை லிட்டருக்கு மேல் போய்விட்டது. இதற்குப் பெரும்பாலும் காரணம், பருவம் வந்த பசுவை யாரும் கவனிக்காமல் விட்டுவிடுவதே. பசு இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். ஒரு முறை தவறினால் இருபத்தொரு நாள் தவறிற்று. ஓயாமல் கத்துதல், தீனியில் மனம் செல்லாமை, மற்ற மாட்டின் மேல் தாவுதல், கண்ணாடி போன்ற வழும்பு தொங்குதல் ஆகிய அடையாளங்களைக் காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் சினை ஊசி போடுவித்தல் அவசியம். ஈன்று மூன்று மாதமாகியும் பருவம் தெரியாவிட்டால் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். என் அனுபவத்தில், சங்கத்தின் சராசரியை உயர்த்த விலையுயர்ந்த தீவனத்தைக் காட்டிலும் இந்தக் கவனிப்பே அதிக பிரயோஜனம் தரும். ஆனால் தீவனத்தைப் போல இதற்கு விளம்பரம் செய்வார் இல்லை.

வயதும் ஒரு காரணம். முதல் ஈத்தில் முழு அளவு வருவதில்லை. மூன்றாம், நான்காம் ஈத்திலேதான் மாடு தன் சக்தியை முழுவதும் காட்டும். ஆகவே தலையீத்துக் கிடாரியைப் பக்கத்து வீட்டு மாட்டோடு ஒப்பிட்டு மனம் கசந்து விற்றுவிட வேண்டாம்.

நம் பிரதேசத்துக்கே உரிய காரணம் ஒன்று உண்டு, அது தண்ணீர். பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு நீரேயாதலால், பத்து லிட்டர் கறக்கும் மாடு நாளொன்றுக்கு அறுபது முதல் எண்பது லிட்டர் வரை குடிக்கும். கோடையில் இன்னும் மிகுதியாகக் குடிக்கும். மீஞ்சூரைச் சுற்றிய நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறி உவர்ப்பு மிகுந்தமை பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. கிணறு இருக்கிறது, தொட்டியிலும் தண்ணீர் நிறைந்திருக்கிறது, மாடு மட்டும் முகர்ந்து பார்த்துத் திரும்பிவிடுகிறது என்று ஒருவர் சொன்னால், குறை மாட்டில் இல்லை. கரைந்த உப்பு லிட்டருக்கு 3,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் மாடு பழகிக்கொள்ளும். 5,000க்கு மேல் போனால் கறவை மாட்டுக்குக் கொடுக்காதிருப்பது நலம். 7,000ஐ நெருங்கினால் அபாயம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி நீர் மாதிரியைப் பரீட்சித்துக்கொள்ளலாம். உவர்ப்பு மிகுந்ததெனத் தெரிந்தால், குடிப்பதற்கு மட்டுமாவது மழைநீரோ குழாய் நீரோ கலந்து வைத்து, தொழுவத்தைக் கழுவுவதற்குக் கிணற்று நீரை உபயோகியுங்கள்.

வெயிலும் கடற்காற்றின் ஈரப்பதமும் சேரும் மே, ஜூன் மாதங்களில் மாடு தீனியைக் குறைத்துக்கொள்ளும்; தீனி குறைந்தால் சில நாட்களிலேயே பால் இறங்கும். இக்காலத்தில் பகல் தீனியைச் சுருக்கி, பெரும்பகுதியை இரவிலும் விடியலிலும் வையுங்கள். நீர் தெளிப்பதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: காற்றோட்டமில்லாத தகரக் கொட்டகையில் தெளித்தால் புழுக்கம் கூடுமேயன்றிக் குறையாது, மாட்டின் உடம்பை நனைத்துவிட்டு, பக்கங்களைத் திறந்தோ மின்விசிறி ஓட்டியோ காற்று படச் செய்தால்தான் குளிர்ச்சி உண்டாகும்.

இவையெல்லாம் இயற்கையின் காரணங்கள். மனிதர் செய்யும் காரணங்களும் உண்டு. சந்தையில் விற்பனைக்கு நிற்கும் மாட்டை ஒரு வேளையோ இரண்டு வேளையோ கறவாமல் விட்டு, மடி பருத்து நிற்பதைக் காட்டுவது பழைய உபாயம். இதற்குப் பரிகாரம் ஒன்றே: வாங்குவதாயின், உங்கள் கண்ணெதிரே ஒரு மாலை முழுவதும் கறக்கச் செய்து அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு, அடுத்த காலையும் மாலையும் கறந்ததை மட்டும் கூட்டிப் பாருங்கள், ஈன்று எத்தனை மாதமாயிற்று என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டாம் மாதத்தில் ஐந்து லிட்டர் கறக்கும் மாடு, ஆறாம் வாரத்தில் எட்டு லிட்டர் கறக்கும் மாட்டைக் காட்டிலும் உயர்ந்ததாக இருக்கலாம். வங்கியிலோ சங்கத்திலோ கடன் கேட்கையில், தவணைக்கு ஆதாரமாக உச்சநாள் அளவைக் கொள்ளாமல் கன்று இடைவெளி முழுவதற்குமான அளவைக் கொள்ளுங்கள். மேற்சொன்ன மாட்டுக்குப் பத்து லிட்டர் என்று தவணை கட்ட ஒப்புக்கொண்டவர், வற்றிய நூறு நாளில் எதைக்கொண்டு கட்டுவார்? காப்பீடு செய்தவர்கள் காதிலுள்ள தோட்டின் எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள். தோடு விழுந்தால் உடனே தெரிவித்து மறுதோடு போடுவிக்காதவருக்குப் பின்னால் இழப்பீடு கிடைப்பது அரிது.

பால் இறங்க ஊசி போடுவோரையும் அறிவோம். அந்த மருந்து மடியில் ஏற்கெனவே ஊறிய பாலை இறக்குமேயன்றிப் புதிதாகப் பாலை உண்டாக்காது. நாளடைவில் ஊசியின்றி மாடு சுரக்க மறுக்கும். பால் பெருக்குவதற்காக உடலுக்குக் கேடு தரும் ஊசி போடுவதை 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம், மாடும் பறிமுதலாகும்.

இறுதியாக, சங்கத்திடம் உங்களுக்குள்ள உரிமைகளைச் சொல்லிவிடுகிறேன். பால் எடை உங்கள் கண்ணெதிரே எடுக்கப்பட வேண்டும். கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் அளக்கப்பட்டு, அளவும் விலையும் அச்சான சீட்டு உங்கள் கையில் வர வேண்டும். எடைக்கருவியில் எடையளவுத் துறையின் நடப்பு ஆண்டு முத்திரை இருக்கிறதா என்று எவரும் கேட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பசும்பால் ஏறத்தாழ 1.03 கிலோ எடையுள்ளது. எடையில் வாங்கி லிட்டரில் விலை கொடுத்தால் மாற்றிய கணக்கு சரிதானா என்று பாருங்கள். பால்மானியில் அளவு குறைந்தால் உடனே தண்ணீர் கலந்தார் என்று யாரையும் சொல்ல விடாதீர்கள்; கறந்த உடன் நுரையோடு அளந்த பாலும் குறைத்தே காட்டும், தீனி பற்றாத மாட்டின் பாலிலும் திடப்பொருள் குறையும். சந்தேகமுள்ளவர் முதலில் மறுபரீட்சை கேட்கலாம். பிறகு உங்கள் முன்னிலையில் தொழுவத்திலேயே முழுக்கறவை கறந்து அந்த மாதிரியோடு ஒப்பிடலாம். மடிநோய் இருந்தாலும் இவ்வாறே அளவு கெடும். நான்கு காம்பின் முதல் பீச்சலைக் கருந்துணியில் விட்டுப் பார்த்துத் திரிப்பு தெரிந்தால் அந்தப் பாலை ஊற்றாமல் மருத்துவரை அழைப்பீர்களாக.

சங்கத்தில் தீராத குறையை எழுத்து மூலம் துணைப்பதிவாளர் (பால்வளம்) அவர்களுக்கு அனுப்பலாம். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983இன் 90ஆம் பிரிவின்படி உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் உள்ள தகராறைப் பதிவாளரின் தீர்ப்புக்கு விடலாம். அம்மனுவோடு பால் சீட்டுகளும், வீட்டில் எழுதிய கறவை நோட்டின் நகலும் வைத்தல் வேண்டும். நோட்டில் தேதி, காலை அளவு, மாலை அளவு, ஈன்ற நாள், சினை ஊசி போட்ட நாள் என்னும் ஐந்து வரிசை போதும். வெற்று நோட்டுகள் சங்கத்தில் இருக்கின்றன, காலைக் கொள்முதலின்போது கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
செயலாளர்
பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம், மீஞ்சூர் வட்டாரம்