நேர்காணல் மொழிபெயர்ப்பில் பேசியவரின் பொருள்

சமூக ஆய்வுக்கான நேர்காணல் தமிழில் நிகழ்ந்தாலும், ஆய்வறிக்கை பல வேளைகளில் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. மேற்கோள்குறிக்குள் அமையும் ஆங்கில வாக்கியத்தைப் பேசியவரின் சொல்லாகவே படிப்பவர் கொள்வர். அவர் சொல்லாத கருத்து அதனுள் எவ்வாறு புகுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த மூதாட்டி ஒருவர் பின்வருமாறு கூறுவதாகக் கொள்வோம்: “அம்மா செத்த வருஷம் என் படிப்பு நின்னுபோச்சு. தம்பிங்க படிச்சாங்க. நாங்க ஒன்னும் கேக்கல. இனிமே நாமதான் பிள்ளைங்கள படிக்க வைக்கணும்.”

முதல் வாக்கியத்தின் எழுவாய் ‘படிப்பு’. அதை நிறுத்தியவர் யார் என்று அவர் கூறவில்லை. ‘நான் படிப்பை நிறுத்திவிட்டேன்’ எனப் பொருள்படும் ஆங்கில வாக்கியம் சரளமாக அமையும்; ஆனால், அம்முடிவை அவர்மீதே ஏற்றிவிடும். பெண்கள் கல்வியை இழந்த காரணத்தை ஆராய்பவர், அதனை அவரது சொந்த விருப்பம் என்று வகைப்படுத்த நேரிடும். படிப்பே எழுவாயாக நிற்குமாறு மொழிபெயர்ப்பதே பொருத்தமானது.

அடுத்தது ‘நாங்க’, ‘நாம’ என்னும் சொற்கள். முன்னது கேட்பவரை விலக்குகிறது, பின்னது உளப்படுத்துகிறது. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ‘வீ’ என்னும் ஒரே சொல்லே உண்டு. தம் இழப்பைக் கூறுகையில் ஆய்வாளரை விலக்கிய மூதாட்டி, கடமையைக் கூறுகையில் அவரையும் சேர்த்துக்கொள்கிறார். ஆங்கில வாக்கியத்தில் இவ்வேறுபாடு மறைவதால், ‘நீங்களும் நானும்’ என்னும் விளக்கத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் சேர்த்தல் வேண்டும். அக்குறி, அச்சொற்கள் மொழிபெயர்ப்பாளருடையவை என்பதை உணர்த்தும். ‘நாங்க’ என்பது பெண்பிள்ளைகளையா, குடும்பத்தையா குறிக்கிறது என்பது தெளிவாகாவிடில், நேர்காணல் செய்தவரிடம் கேட்டறிய வேண்டுமேயன்றி ஊகித்து நிரப்புதல் கூடாது.

இத்தகைய நுட்பங்களைக் காப்பதற்கு ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே நேரடியாக ஆங்கிலத்தில் எழுதுவதைத் தவிர்த்தல் நன்று. முதலில் பேச்சுவழக்கு மாறாமல், தயக்கமும் சிரிப்பும் குறிக்கப்பட்ட தமிழ் எழுத்துப்படியை வரிஎண்களுடன் அமைக்க வேண்டும். ‘நின்னுபோச்சு’ என்பதை ‘நிறுத்தப்பட்டது’ என்று செந்தமிழாக்கினால், யாரோ நிறுத்தினார் என்னும் புதிய பொருள் அப்படியிலேயே தோன்றிவிடும். பகுப்பாய்வையும் இத்தமிழ்ப்படியின்மீதே நிகழ்த்தி, அறிக்கைக்குத் தெரிந்தெடுத்த பகுதிகளை மட்டும் இறுதியில் மொழிபெயர்க்கலாம்.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க, மூலத்தைக் காணாத ஒருவரைக் கொண்டு அதனை மீண்டும் தமிழாக்குவது ஒரு முறை. ‘நான் நிறுத்திவிட்டேன்’ என்னும் பிழை இதில் வெளிப்படும். ஆனால் ‘வீ’ என்பதை அவர் ‘நாங்கள்’ என்றோ ‘நாம்’ என்றோ ஊகத்தால் எழுதுவார். அவ்வூகம் தற்செயலாகப் பொருந்தினால் குறை புலப்படாது. ஆகவே, இருமொழியும் அத்தோட்டத்துப் பேச்சும் அறிந்த மற்றொருவர், தமிழையும் ஆங்கிலத்தையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிடுதல் வேண்டும். இடமிருப்பின், மேற்கோளுடன் மூலத் தமிழையும் அச்சிடுவது படிப்பவரும் அவ்வொப்பீட்டைச் செய்ய வழிவகுக்கும்.