விடையை ஒளித்துவைக்கும் முதல் ஸ்லைடு

2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் புதுச்சேரி மருத்துவமனைகளிலும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் சேர்க்கப்பட்டார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாராயத்தில் இருந்தது மெத்தனால். ஊரே ஒன்றாக வந்து நின்றால் நோயைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரே ஒரு நோயாளி, அவரும் குடித்ததை மறைத்தால்? வார்டு மீட்டிங்கில் ஓர் இளம் மருத்துவர் எடுத்துச் சொல்ல வேண்டியது அப்படிப்பட்ட கேஸைத்தான்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். 42 வயது உப்பளத் தொழிலாளி. காலையிலிருந்து வாந்தி, வயிற்றுவலி, கண்ணில் வெள்ளைத் திரை விழுந்தது போன்ற மங்கல்.

பத்து நிமிடம், எட்டு ஸ்லைடு போதும். பலரும் முதல் ஸ்லைடிலேயே ‘மெத்தனால் நஞ்சு: ஒரு கேஸ்’ என்று தலைப்புப் போட்டுவிடுவார்கள். அந்தக் கணமே கேட்பவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ‘வாந்தியும் பார்வை மங்கலுமாக வந்த 42 வயது ஆண்’ என்பதே சரியான தலைப்பு. நோயாளியின் பெயரும் உள்நோயாளி எண்ணும் எங்கும் வரக்கூடாது. ஸ்கேன் படத்தின் ஓரத்தில் இருப்பதையும் மறைக்க வேண்டும்.

இரண்டாவது ஸ்லைடு ஒரு காலக்கோடு. எந்த மணிக்கு என்ன நடந்தது என்பது மட்டும் அதில் இருக்கும். முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்தது, காலை ஏழு மணிக்கு வாந்தி, பத்து மணிக்குக் கண் மங்கல். இந்த இடைவெளிதான் துப்பு. மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிய பிறகே தொல்லை தருகிறது. அதற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். கூடவே எத்தனாலும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும்.

மூன்றாவதில் பரிசோதனை. எல்லா உறுப்புகளையும் வரிசையாக எழுதத் தேவையில்லை. வேகமான, ஆழ்ந்த மூச்சு, விரிந்து, வெளிச்சத்துக்கு மந்தமாகச் சுருங்கும் கண்மணி, காய்ச்சல் இல்லை, கழுத்து விறைப்பு இல்லை. இல்லாதவற்றைச் சொல்வதும் முக்கியம். அவை மூளைக்காய்ச்சலைப் பின்னுக்குத் தள்ளுகின்றன.

நான்காவது ஸ்லைடுதான் கேஸின் திருப்பம். பி.எச். 7.14, பைகார்பனேட் 6, சோடியம் 138, குளோரைடு 102. முழு ரத்த அறிக்கையையும் போட்டோ எடுத்து ஒட்டினால் பின்வரிசையில் ஒருவராலும் படிக்க முடியாது. இந்த நான்கு எண்களும் ஒரு கணக்கும் போதும்: 138 − (102 + 6) = 30. சுமார் 12 இருக்க வேண்டிய அனயான் இடைவெளி 30 ஆகியிருக்கிறது. இங்கே நிறுத்தி, “இந்த அமிலம் எங்கிருந்து வந்தது?” என்று கேட்க வேண்டும்.

ஐந்தாவது ஸ்லைடு அந்தக் கேள்விக்கான அட்டவணை. இடது பக்கம் சந்தேகம், வலது பக்கம் அதற்கான சான்று. சிறுநீரில் கீட்டோன் இல்லை, கிரியாட்டினின் சரி, லாக்டேட் 3 மட்டுமே. அவ்வளவு லாக்டேட்டால் 30 வராது. எஞ்சுவது நஞ்சு.

ஆறாவதில் ஆஸ்மோல் இடைவெளி. நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் யூரியாவையே தருகின்றன. வெளிநாட்டுப் பாடநூல் சூத்திரமோ யூரியா நைட்ரஜனுக்கானது, அதில் 2.8 ஆல் வகுப்பார்கள். நம் அறிக்கையை 6 ஆல் வகுக்க வேண்டும். சர்க்கரை 108, யூரியா 30 என்றால், 276 + 6 + 5 = 287. அளந்தது 322, இடைவெளி 35. தவறாக 2.8 ஆல் வகுத்தால் இடைவெளி 29 ஆகச் சுருங்கும். விளிம்பில் இருக்கும் நோயாளியிடம் இந்தப் பிழை நோயையே மறைத்துவிடும்.

இந்தச் சோதனையின் எல்லையையும் அதே ஸ்லைடில் சொல்ல வேண்டும். நேரம் ஆக ஆக மெத்தனால் அமிலமாகிக் குறையும். ஆஸ்மோல் இடைவெளி இறங்கும், அனயான் இடைவெளி ஏறும். ஆகவே தாமதமாக வந்தவரிடம் ஆஸ்மோல் இடைவெளி சரியாக இருந்தாலும் மெத்தனால் இல்லை என்று சொல்ல முடியாது.

ஏழாவது, சிகிச்சையும் பலனும் ஒரே வரைபடத்தில். கிடைமட்டத்தில் மணி, செங்குத்தில் பைகார்பனேட். ஃபோமெபிசோல் அல்லது எத்தனால் எப்போது தொடங்கியது, ஃபோலினிக் அமிலம் எப்போது, டயாலிசிஸ் எப்போது என்று அம்புக்குறி போட வேண்டும். மாற்று மருந்து புதிய அமிலம் உண்டாவதைத் தடுக்கும். டயாலிசிஸ் மெத்தனாலையும் ஏற்கெனவே உண்டான அமிலத்தையும் வெளியேற்றும். வந்த நேரத்துக்கும் டயாலிசிஸ் அம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் யூனிட் சீஃப் முதலில் பார்ப்பார். அதைக் குறுக்கிக் காட்டுவது கேஸையே பயனற்றதாக்கிவிடும்.

எட்டாவது ஸ்லைடில் ‘நன்றி’ வேண்டாம். விவாதிக்க இரண்டு கேள்விகள் இருக்கட்டும். ஃபோமெபிசோல் கையிருப்பில் இல்லாத இரவில் எத்தனாலை எந்த அளவில் தொடங்குவது, யார் கண்காணிப்பது? இவரோடு அன்று மாலை குடித்த மற்றவர்கள் எங்கே, காவல்துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் தகவல் போய்விட்டதா?

இரண்டாவது கேள்விக்கு மீட்டிங் முடியும்வரை காத்திருக்க முடியாது. நஞ்சு என்ற சந்தேகம் வந்த நேரத்திலேயே அந்த அழைப்பு போயிருக்க வேண்டும். அது போன மணி ஏழாவது ஸ்லைடின் வரைபடத்திலும் பதிவாகியிருக்க வேண்டும்.