உஷார்! 550 என்று போட்ட குளிசையெல்லாம் ஒன்றல்ல

பீ.சி.ஓ.எஸ் இருக்கிற பிள்ளைக்கு யாராவது இந்தியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ இனோசிட்டோல் குளிசை கொண்டுவந்து தந்தால், ஒன்றைக்கூட விழுங்க முன்னம் பெட்டியின் பின்பக்கத்தை வாசியுங்கள். 1990இல் இடம்பெயர்ந்து, 2017இல்தான் துறைமுகத்தடி திரும்பக் கிடைத்த மயிலிட்டியில், வெளிநாட்டு உறவு இல்லாத வீடு குறைவு. அன்போடு வரும் பார்சலில் இருப்பது என்ன மருந்து, எவ்வளவு என்பதைத்தான் நாம் பார்ப்பதில்லை.

இனோசிட்டோலில் இங்கே நமக்கு முக்கியமானவை இரண்டு: மயோ, டி-கைரோ. பெரும்பாலான ஆய்வுகளில் கொடுத்தது நாளுக்கு 4 கிராம் மயோ, காலையும் மாலையும் 2 கிராம் வீதம், கூடவே ஃபோலிக் அமிலம். டி-கைரோவும் சேர்ந்தால் பரவலாகச் சொல்லப்படும் விகிதம் 40க்கு 1. அதாவது 4000 மில்லிகிராமுக்கு 100.

இப்போது கணக்கைப் பாருங்கள். இந்தியக் குளிசைகளில் ஒரு வகையில் மயோ 550, டி-கைரோ 13.8 மில்லிகிராம். இது 40க்கு 1. இன்னொரு வகையிலும் மயோ அதே 550தான், ஆனால் டி-கைரோ 150. “நாளுக்கு 4 கிராம்” என்று எங்கோ வாசித்த ஒரு பிள்ளை, அந்த அளவை நெருங்க நாளுக்கு ஏழு குளிசை போடுகிறாள் என்று வையுங்கள். முதல் வகையில் அவளுக்குள் போவது 97 மில்லிகிராம் டி-கைரோ. இரண்டாம் வகையில் 1050. பதினொரு மடங்கு!

இது ஏன் பயப்பட வேண்டிய விஷயம்? சூலகத்தில் மயோ, முட்டையை வளர்க்கும் எஃப்.எஸ்.எச் ஓமோனின் வேலைக்குத் துணை நிற்கிறது. டி-கைரோவோ இன்சுலின் சொல்கிறபடி ஆண் ஓமோன் உற்பத்தியைத் தூண்டும் பக்கம் வேலை செய்கிறது. 2012இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் டி-கைரோவை நாளுக்கு 300 முதல் 2400 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். அளவு கூடக் கூட முட்டையின் தரம் இறங்கியது. குழந்தைக்காகக் காத்திருப்பவளுக்கு இது சின்ன விஷயமா? ஸ்பெயினில் சோதனைக்குழாய் சிகிச்சை பெற்ற பெண்களிடம் செய்த இன்னொரு சோதனையில் 150 கலந்த வகைக்கு நல்ல பலன் கிடைத்தது உண்மை. ஆனால் அங்கே கொடுத்தது நாளுக்கு இரண்டுதான், ஏழு அல்ல.

இன்னும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சில இந்தியக் குளிசைகளில் மயோவோடு மெற்ஃபோமின் 500 மில்லிகிராமும் சேர்ந்திருக்கிறது. அதில் ஏழு போட்டால் 3500. பீ.சி.ஓ.எஸ் உள்ள வளர்ந்தவர்களுக்கு வழிகாட்டி சொல்லும் உச்சம் 2500. ஏற்கெனவே கிளினிக்கில் தந்த மெற்ஃபோமினும் வீட்டில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். விடாத வாந்தி, வயிற்றுப்போக்கு, மூச்சு வாங்குதல், என்றுமில்லாத சோர்வு கண்டால் உடனே தெல்லிப்பளை ஆஸ்பத்திரிக்கு, குளிசைப் பெட்டியும் கையுமாகப் போங்கள்.

சரி, சரியான அளவில் எடுத்தாலாவது பலன் உறுதியா? இல்லை. 40க்கு 1 என்பது இரத்தத்தில் இரண்டும் இருக்கும் விகிதத்தைப் பார்த்து எடுத்த எண். ஏழு விகிதங்களை ஒப்பிட்டு இதுவே சிறந்தது என்று சொன்ன 2019ஆம் ஆண்டு ஆய்வில் இருந்தது 56 பெண்கள், விகிதத்துக்கு எட்டுப் பேர். எட்டுப் பேரை வைத்து ஊருக்கே அளவு சொல்ல முடியாது. அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று 2023இல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டியும், எந்த வகை, எந்த அளவு என்று பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொல்கிறது. விரும்பினால் எடுத்துப் பார்க்கலாம், தீங்கு குறைவு, வளர்சிதைமாற்றம் சார்ந்த அளவுகளில் கொஞ்சம் முன்னேற்றம் வரலாம்; முட்டை வெளியேறுவது, முகத்து முடி, உடல் எடை ஆகியவற்றில் பலன் மட்டானது. முடிக்கும் வயிற்றுப் பருமனுக்கும் இனோசிட்டோலைவிட மெற்ஃபோமினையே அது முன்வைக்கிறது. வயிற்றுக் கோளாறு மட்டும் மெற்ஃபோமினில் கூட. ஆகவே டொக்டர் தந்த மெற்ஃபோமினையோ, முட்டை வெளிவரத் தரும் லெற்றசோலையோ நிறுத்திவிட்டு இதற்கு மாறாதீர்கள். எடுக்கிறீர்கள் என்றால் அதை டொக்டரிடம் சொல்லுங்கள்.

கரு தங்கிய பிறகும் தொடர்ந்தால் கர்ப்பகாலச் சீனிவருத்தம் வராது என்று நம்பியும் இருக்காதீர்கள். நெதர்லாந்தில் பீ.சி.ஓ.எஸ் உள்ள 464 கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு நாளுக்கு 4 கிராம் மயோ கொடுத்துப் பார்த்து 2025இல் முடிவு வெளியிட்டார்கள். சீனிவருத்தம், பிரஷர் சிக்கல், குறைமாதப் பிரசவம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சீனிப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

மாதவிலக்கு 90 நாளுக்கு மேல் தள்ளிப்போனால் குளிசை வேலை செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் கர்ப்பப் பரிசோதனை. கர்ப்பம் இல்லையென்றால் அந்த வாரமே டொக்டரிடம் காட்டுங்கள். மாதக்கணக்கில் கழியாமல் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போனால், நாளடைவில் அது புற்றுநோயாக மாறக்கூடும். இனோசிட்டோல் அதைத் தடுக்கும் என்று நம்பியிருக்க ஆதாரம் இல்லை.