எஃகுக்கு எவ்வளவு, செம்புக்கு எவ்வளவு?

அசையாத உத்திரம் ஒன்றிலிருந்து மூன்று தண்டுகள் தொங்குகின்றன. நடுவில் இருப்பது எஃகு, இருபுறமும் செம்பு. மூன்றும் 1 மீட்டர் நீளம். ஒவ்வொன்றின் குறுக்குவெட்டும் 20 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரம், அதாவது 400 சதுர மில்லிமீட்டர். கீழ்முனைகளைக் கெட்டியான ஒரு பாளத்தில் பொருத்தி, அதன் நட்டநடுவில் 44,000 நியூட்டன் சுமையைத் தொங்கவிடுகிறார்கள். கிட்டத்தட்ட நாலரை டன் எடை. தண்டுகளின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தண்டிலும் தகைவு, அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு விழும் விசை, எவ்வளவு?

மொத்தப் பரப்பு 1,200 என்று கூட்டி வகுத்தால் எல்லாவற்றுக்கும் சுமார் 36.7 நியூட்டன் வரும். பார்க்கச் சரிபோலத் தெரியும், ஆனால் தவறு. மூன்றும் ஒரே உலோகமாக இருந்தால் மட்டுமே இந்தச் சமபங்கு செல்லும்.

விசைகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை முடிக்க முடியாது. எஃகு தாங்குவதும் இரண்டு செம்புகளும் தாங்குவதும் சேர்ந்து 44,000 என்பது ஒரு சமன்பாடு, தெரியாதவையோ இரண்டு. மீதித் தகவல் அந்தப் பாளத்தில் இருக்கிறது. செம்புகள் இருபுறமும் சமதூரத்தில் இருப்பதால் பாளம் சாயாமல் நேராக இறங்கும். அப்படியானால் மூன்று தண்டுகளும் ஒரே அளவுதான் நீண்டாக வேண்டும். (ஒருபுறம் எஃகு, மறுபுறம் செம்பு என்று இரண்டே தண்டுகளை வைத்து நடுவில் சுமையைத் தொங்கவிட்டால் செம்புப் பக்கம் தாழ்ந்துவிடும்.)

ஒரே அளவு நீள எஃகுக்குக் கூடுதல் விசை வேண்டும். நீட்சிக்குக் காட்டும் இந்த விறைப்பைத்தான் யங் குணகம் அளக்கிறது. சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன் கணக்கில் எஃகுக்கு அது ஏறத்தாழ 2,00,000. செம்புக்கு 1,20,000 என்று கொள்ளலாம். நீளமும் நீட்சியும் ஒன்றாக இருப்பதால் தகைவுகளும் இதே 5க்கு 3 விகிதத்தில் அமையும். செம்பில் 30 என்றால் எஃகில் 50. சரிபார்த்துவிடலாம்: எஃகு 400ஐ 50ஆல் பெருக்கினால் 20,000, செம்பு 800ஐ 30ஆல் பெருக்கினால் 24,000, கூட்டினால் 44,000. நீட்சி இரண்டிலும் கால் மில்லிமீட்டர்.

கவனித்தால், எந்த உலோகம் எவ்வளவு வலிமையானது என்ற கேள்வி இதில் எங்குமே வரவில்லை. பங்கை முடிவுசெய்தது விறைப்பு மட்டும்.

இந்தப் பங்கு நிலையானதும் அல்ல. தண்டுகளைப் பொருத்திய பிறகு வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். செம்பு எஃகைவிட அதிகம் விரியும். பாளமோ இரண்டையும் ஒரே நீளத்தில் பிடித்து வைக்கிறது. அதனால் செம்பின் இழுவை தளர்கிறது, எஃகின் இழுவை கூடுகிறது. கணக்கிட்டால் எஃகில் தகைவு 50இலிருந்து சுமார் 66 ஆகிறது. செம்பில் 30இலிருந்து 22க்கு இறங்குகிறது. சுமையில் ஒரு நியூட்டன்கூடக் கூடவில்லை.

பட்டறையில் நேரும் சிறு பிசகும் இதே வேலையைச் செய்யும். எஃகுத் தண்டு 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தாளின் தடிமன் அளவு, நீளமாக அமைந்துவிட்டால் முதலில் செம்புதான் இழுபடும். அந்த இடைவெளி தீர்ந்த பின்பே எஃகு சுமையைப் பிடிக்கும். கடைசியில் எஃகில் 39, செம்பில் 35 என்று கணக்கே மாறிவிடுகிறது. வெறும் கண்ணுக்கு இது புலப்படாது. தண்டின் மேல் திரிபுமானியை ஒட்டி, சுமையை ஏற்றும்போது அளவுகளைப் படித்தால் தெரியும்: எஃகில் அளவு எழுவதற்கு முன்பே செம்பில் எழுந்துவிடும்.

விசைக்கு ஏற்ப நீட்சி என்று 1678இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி பொருந்தும் வரைதான் 5க்கு 3 என்ற விகிதம் நிற்கும். கடினமாக இழுத்த செம்பு இந்தச் சுமையை எளிதில் தாங்கும். காய்ச்சி ஆறவிட்ட மென்செம்போ சதுர மில்லிமீட்டருக்குச் சில பத்து நியூட்டனிலேயே நிரந்தரமாக நெகிழத் தொடங்கிவிடும். அதன் பிறகு ஏறும் சுமையில் பெரும்பகுதி எஃகின் தலையில்தான் விழும். ஆகவே 30 என்ற விடையை எழுதியதும் பேனாவை மூடிவிடாமல், வாங்கப்போவது எந்த வகைச் செம்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.